வாழ்த்துகள் சார் – ‘வாலாஜா’ சரவணன்

அன்புள்ள ராமலிங்கம் சார்,

வணக்கம். நான் சரவணன். நம் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய லேபில் அப்போது இரண்டு சரவணன்கள் இருந்ததால் என்னை ‘வாலாஜா’ என்றுதான் கூப்பிடுவீர்கள். 2013-ல் கெமிஸ்ட்ரி முடித்த கையோடு வந்து சேர்ந்து, மூன்று வருடம் உங்கள் ஷிப்டில் இருந்தவன்.

நேற்று ராத்திரி பழைய லேப் நண்பர்கள் குழுவில் ஒரு படம் வந்தது. கழுத்தில் ரோஜா மாலையோடு கிளாரிஃபையர் படிக்கட்டுப் பக்கம் நிற்கிறீர்கள். சட்டைப் பையில் அதே இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கீழே ‘நம் சார் இனி ஜெனரல் மேனேஜர்’ என்று போட்டிருந்தார்கள். படித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இவர்தானா அந்த சிலிண்டர் சார்?” என்று கேட்டாள். எங்கள் வீட்டில் உங்களுக்கு அதுதான் பெயர்.

மனம் நிறைந்த வாழ்த்துகள் சார். ஷிப்ட் கெமிஸ்டாக உள்ளே வந்த ஒருவர், பம்ப் ரூம், லேப், ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று ஒவ்வொரு இடத்திலும் கால் நனைத்துவிட்டு அந்த நாற்காலிக்குப் போவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பதில்லை. எந்த வால்வு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்த மனிதர் இனி அங்கே முடிவெடுக்கப் போகிறார். ஷிப்டில் இருக்கிற பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒரு பையனாக இருந்தவன்தானே.

சிலிண்டர் கதை உங்களுக்கு நினைவிருக்குமோ இருக்காதோ. உங்களிடம் நான் இதுவரை சொல்லாத பாதியும் அதில் இருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் சேர்ந்து நாலைந்து மாதம் இருக்கும். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ராத்திரி. ஏரேஷன் தொட்டியில் சாம்பிள் எடுத்து, ஒரு லிட்டர் சிலிண்டரில் அரை மணி நேரம் வைத்து, மண்டி எத்தனை மில்லி உட்கார்ந்தது என்று எழுத வேண்டும். மழையில் தொட்டி மேல் ஏற மனமில்லாமல், முந்தைய ஷிப்டின் 420-ஐ அப்படியே லாக் புக்கில் எழுதிவிட்டேன். இரண்டு மணிக்கு நீங்கள் ரவுண்ட்ஸ் வந்தீர்கள். புத்தகத்தைப் புரட்டினீர்கள், மேசையைப் பார்த்தீர்கள், சிலிண்டரை எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தீர்கள்.

“காய்ந்திருக்கிறதே வாலாஜா” என்றீர்கள். வேறு எதுவும் சொல்லவில்லை.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நீங்களோ டார்ச்சையும் குடையையும் என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தீர்கள். நீங்களே சாம்பிள் எடுத்தீர்கள். லேபுக்குத் திரும்பியதும் சிலிண்டரை மேசையில் வைத்து, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அரை மணி கழித்து ரீடிங் 610. நான் எழுதியிருந்த 420-ஐ அழிக்க விடவில்லை. அடியில் இருக்கும் எண் படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 610 என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள்.

சரி, முடிந்தது என்று சிலிண்டரைக் கழுவ எடுத்தேன். “வை, இன்னும் இருக்கிறது” என்றீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டோம். அப்புறம் அடியில் உட்கார்ந்திருந்த மண்டி கட்டி கட்டியாகப் பிய்ந்து, மெதுவாக மேலே ஏறி வந்தது. கண்ணாடிக்குக் கண்ணை ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டியிலும் ஊசிமுனை மாதிரிக் குமிழிகள். நீங்கள் சிலிண்டரை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். குமிழிகள் விட்டுப் போக, கட்டிகள் மறுபடி கீழே இறங்கின. நைட்ரேட் உடைந்து நைட்ரஜன் வாயுவாகப் போகிறது, அதுதான் மண்டியைத் தூக்குகிறது, கிளாரிஃபையர் அடியில் மண்டி அதிக நேரம் தங்குகிறது என்றீர்கள். அந்த மண்டியை ஏரேஷன் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பைக் கூட்டி வைத்துவிட்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

மறுநாள் காலை மேலதிகாரியிடம் சொல்லிவிடுவீர்கள் என்று நான் தூங்கவே இல்லை. நீங்கள் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, ராத்திரி ரவுண்ட்ஸ் வந்தபோது முதலில் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தீர்கள். ஈரமாக இருந்தது. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. இந்தப் பாதியைத்தான் இத்தனை வருடம் கழித்து இப்போது சொல்கிறேன்.

நான் இப்போது திருப்பூரில், சாயப்பட்டறைகளுக்கான பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். குடும்பத்தோடு நன்றாக இருக்கிறேன் சார், வேலையிலும் மனதுக்கு நிறைவுதான். எனக்குக் கீழே நாலு பேர். அவர்களுக்கும் ஒரே கோடு போட்டுத்தான் அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். லாக் புக்கில் ஒயிட்னர் பட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

சிலிண்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அரை மணி நேரங்களில் நீங்கள் பேசியதெல்லாம் இங்கே வந்தபிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததைப் பற்றி அடிக்கடி சொல்வீர்கள். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று அதில் எழுதியதால்தான் நம் மாதிரி ஆட்களுக்கு லேபில் ஸ்டூல் போட்டார்கள் என்பீர்கள். அப்போது எனக்கு அது பழைய கதை. திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளைப் பற்றி இங்குள்ள பெரியவர்கள் அதே குரலில்தான் பேசுகிறார்கள். அங்கே பாலாறு, இங்கே நொய்யல். ஆற்றின் பெயரை மாற்றிவிட்டுக் கேட்டால் நீங்கள் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

இன்னொன்றும் கேட்பீர்கள். “தண்ணீரைக் காப்பாற்றிவிட்டோம் வாலாஜா, இந்த உப்பு யாருக்கு?” எவாப்பரேட்டரிலிருந்து வந்த உப்பு மூட்டைகள் ஷெட்டில் ஏறிக்கொண்டே போகும். அதைக் காட்டித்தான் கேட்பீர்கள். பதில் சொல்லத் தெரியாமல் நிற்பேன்.

இங்கே அந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்திருக்கிறது சார். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அதனால் ஆர்.ஓ. தள்ளிவிடும் உப்புநீரில் நிறத்தையும் கடினத்தன்மையையும் எடுத்துவிட்டு, தெளிந்த பிரைனாகச் சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறோம். லாரியில் வாங்குகிற உப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. முதல் முறை அந்த பிரைனைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. தோலில் இது இவ்வளவு சுலபமில்லை என்று தெரியும். தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு ஊறல் தண்ணீரிலேயே இறங்கிவிடுகிறது. பதனிடுவதற்கு முன் தோலை அமிலத்தில் போடும் பிக்கிளில் இன்னும் கொஞ்சம் உப்பு. சோடியம் குளோரைடும் சல்ஃபேட்டும் கலந்து, கூடவே தோலிலிருந்து வந்த அழுக்கும் சேர்ந்து வெளியே வருகிறது. அதை யார் திரும்ப வாங்குவார்கள்? ஊற வைக்கும் முன்னாலேயே தோலை உதறி உப்பைப் பிரிக்க வேண்டும், ஷெட்டுக்கு வந்தபிறகு அழுது பிரயோஜனமில்லை என்று நீங்கள் சொன்னதுதான் சரியான இடம் என்று இங்கே உப்போடு புரண்ட பிறகு எனக்கும் தோன்றுகிறது. எங்கள் பிரைன் லைனில் சிலிக்கா படிந்து நாங்கள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு நாள் விரிவாக எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்த மாதிரிக் கதை அது, கடைசியில் குற்றவாளி நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

கோவையிலிருந்து வரும் ரயிலில் காட்பாடி தாண்டியதும் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவேன். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடிய சமயம் அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். சின்ன வயதிலிருந்து வெறும் மணலாகப் பார்த்த ஆறு. பாலத்தின் மேல் ஊர் ஜனமே நின்று வேடிக்கை பார்த்தது. அந்தத் தண்ணீரில் ஒரு குவளை மொண்டு, எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று டி.டி.எஸ். பார்க்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு எவ்வளவு வந்தது சார்? பல நாளாக மனதில் இருக்கிற கேள்வி இது.

புது நாற்காலியில் முதல் சில வாரங்கள் மாலையும் மீட்டிங்குமாகவே போகும். இதற்கு உடனே பதில் எழுத வேண்டும் என்றில்லை. அந்த வெள்ள நாள் எண் எப்போதாவது ஞாபகம் வந்தால் ஒரு வரி போடுங்கள், அது போதும். அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். “அந்த மழை ராத்திரி உன்னைக் காப்பாற்றினாரே, அவரா?” என்று கேட்டுவிட்டு, ஆற்காடு மக்கன் பேடா வாங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பதவி உயர்வுக்கு வாலாஜாவில் ஒரு தெருவே இனிப்புச் சாப்பிட்டிருக்கிறது.

வீட்டில் மேடத்துக்கும், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த உங்கள் மகளுக்கும் என் வணக்கத்தையும் அன்பையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
‘வாலாஜா’ சரவணன்
திருப்பூர்