மண்டபம் கருவாட்டுக் குழு: நேர்வு ஆய்வு வினாவும் மாதிரி விடையும்

சந்தையிடுகை மேலாண்மை. பிரிவு இ, கட்டாய வினா. 20 மதிப்பெண்.

நேர்வு

மண்டபம் கடற்கரையில் எட்டுப் பெண்கள் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள். பெரும்பகுதி நெத்திலி. கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்து, கழுவி, உப்பிட்டு, வலைப் பரணில் காய வைக்கிறார்கள். மணலில் பரப்புவதில்லை என்பது குழுவின் பிடிவாதம். மாதம் 600 கிலோ தேறுகிறது. 4 கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் 1 கிலோ கருவாடு. பச்சை மீன் கிலோ ரூ.70, உப்பு, கூலி எல்லாம் சேர்த்து ஒரு கிலோ கருவாட்டுக்கு மேலும் ரூ.50. வீட்டுக்கே வந்து மூட்டையாக எடுக்கும் மொத்த வியாபாரி கிலோவுக்கு ரூ.380 தருகிறார். மணலில் காய்ந்ததற்கும் பரணில் காய்ந்ததற்கும் அவரிடம் ஒரே விலைதான்.

குழுவில் ஒருவருடைய மகன் சொல்கிறான்: “அம்மா, நம்ம வாசல்லதான் ராமேஸ்வரம் ரோடு. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகுதுன்னு பாருங்க. ரோட்டு மேல ஒரு கடை போட்டா வியாபாரியை நம்பி இருக்க வேணாம்.” கடை வாடகை ரூ.15,000, கடைக்கு ஒரு ஆள் சம்பளம் ரூ.9,000. குழுவில் மூத்தவர் ஒன்றும் பேசாமல் சிரித்தார்.

அ) இக்குழுவின் சந்தையைப் பிரித்து, இலக்குப் பிரிவைத் தேர்ந்தெடுக்க. (8)
ஆ) அப்பிரிவுக்கு ஏற்ற சந்தையிடுகைக் கலவையை வடிவமைக்க. (8)
இ) மகனின் யோசனையை எண்களைக் கொண்டு மதிப்பிடுக. (4)

மாதிரி விடை

அ) சந்தைப் பிரிவாக்கம் என்பது வாங்குவோரை அவர்களுடைய தேவை எங்கே வேறுபடுகிறதோ அங்கே வெட்டிப் பிரிப்பது. 1956இல் வெண்டெல் ஸ்மித் இந்தக் கருத்தை முன்வைத்தபோது வலியுறுத்தியதும் தேவையின் வேறுபாட்டைத்தான். வயது, வருமானம், ஊர் என்று பாடத்தில் வரும் அடிப்படைகளை வரிசையாக எழுதிவிட்டால் மதிப்பெண் வராது. கருவாட்டை 18–35 வயது, 36–60 வயது என்று பிரிப்பதால் குழுவுக்கு ஒரு முடிவும் கிடைக்காது. இந்த நேர்வில் வேலை செய்யும் அடிப்படை, வாங்கும் தருணம். யார், எந்த நேரத்தில், எதற்காக வாங்குகிறார்கள்?

அப்படிப் பார்த்தால் ஒரே ரோட்டில் இரண்டு கூட்டம் போகிறது. முதல் கூட்டம் யாத்திரை வருபவர்கள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தம் ஆடி, பலர் முன்னோருக்குத் தர்ப்பணமும் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ரோடு நிரம்பி வழியும். அந்த நாட்களில் கவிச்சியைக் கையால் தொடாதவர்கள் இவர்களில் ஏராளம். வடக்கேயிருந்து வருபவர்களில் பலர் என்றைக்குமே மீன் சாப்பிடாதவர்கள். மூத்தவர் சிரித்ததன் பொருள் இதுதான். வண்டி எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இதுவே ஆகப் பெரிய பிரிவு. கருவாட்டுக்கு அது சந்தையே இல்லை.

இரண்டாவது கூட்டம் தனுஷ்கோடி பார்க்க மதுரை, திருச்சிப் பக்கமிருந்து சொந்தக் காரில் வருபவர்கள். இவர்கள் வாங்குவார்கள், ஆனால் திரும்பும் வழியில்தான். மூடிய ஏசி காரில் நான்கு மணி நேரம் கருவாட்டு வாசனையோடு போக வேண்டுமே என்பதுதான் அவர்களுடைய தயக்கம். அந்தத் தயக்கத்தைத் தீர்க்காமல் போடும் கடை இவர்களுக்கும் உதவாது.

ரோட்டில் தெரியாத பிரிவுகள் இன்னும் உண்டு. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் நிறைய. விடுமுறைக்கு வந்தவர் திரும்பும்போது பெட்டியில் ஊர் ருசி ஏதாவது போகும். அங்கே கேள்வி விலையைப் பற்றியது அல்ல. பெட்டியில் வாசனை கசியுமா, துணியில் எண்ணெய் படுமா என்பதுதான். சென்னையிலும் திருப்பூரிலும் குடியேறிய ராமநாதபுரத்துக்காரர்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே. அங்கே கடையில் கிடைக்கும் நெத்திலியைக் குழம்பில் போட்டால் பல்லில் மணல் நறநறக்கிறது என்பது அவர்களுடைய நிரந்தரப் புகார். கடைசியாக இரண்டு பிரிவுகள்: மொத்த வியாபாரி, உள்ளூர் வீடுகள். உள்ளூர்க்காரர் கூடைக்காரம்மாவிடம் கைப்பிடிக் கணக்கில் வாங்குகிறார், நாலு ரூபாய் கூட்டினால் அடுத்த கூடைக்குப் போய்விடுவார்.

ஒரு பிரிவு அளக்கக்கூடியதா, எட்டக்கூடியதா, லாபம் தரும் அளவுக்குப் பெரியதா, மற்றவற்றிலிருந்து வேறுபட்டதா, நம்மால் சமாளிக்கக்கூடியதா என்ற ஐந்து சோதனைகளில் யாத்திரைக் கூட்டம் முதல் இரண்டில் முதல் வகுப்பில் தேறி, லாபம் என்ற மூன்றாவதில் விழுந்துவிடுகிறது. உள்ளூர் வீடுகளுக்கு விற்றால் லாபம் மிஞ்சாது. வளைகுடாப் பெட்டியும் வெளியூர்ச் சொந்தங்களும் ஐந்திலும் தேறுகின்றன. இரண்டு பிரிவுக்கும் ஒரே பொட்டலம் போதும் என்பதால் எட்டுப் பேர் கொண்ட குழு இரண்டையும் சேர்த்தே சமாளிக்கலாம்.

எனவே இலக்கு: வளைகுடாப் பயணிகளின் வீடுகளும் வெளியூர் ராமநாதபுரத்துக்காரர்களும். தனுஷ்கோடி கார்க்காரர்கள் சோதனைப் பிரிவு. மொத்த வியாபாரியை விட்டுவிடக் கூடாது. மிஞ்சியதை வாங்க ஒரு ஆள் எப்போதும் வேண்டும். அவர் மாதாமாதம் ரொக்கம் தருகிறார். புதுப் பிரிவு கைகூட நாள் பிடிக்கும்.

நிலைநிறுத்தலை ஒரு வரியில் சொல்லலாம்: “மணல் கடிக்காத நெத்திலி.” தரமான, சுகாதாரமான, பாரம்பரியமான என்று மூன்று சொல் அடுக்கினால் எல்லாக் கருவாட்டுக்கும் பொருந்தும். இந்த வரி பரணில் காய வைப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். குழுவின் பிடிவாதத்துக்கு இதுவரை கிடைக்காத விலை இதன் வழியாகத்தான் கிடைக்க வேண்டும்.

ஆ) மெக்கார்த்தி 1960இல் வகுத்த பொருள், விலை, இடம், மேம்பாடு என்ற நான்கும் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. இந்த நேர்வில் பொருளைத் தீர்மானித்த உடனேயே மற்ற மூன்றும் ஏறத்தாழத் தீர்ந்துவிடுகின்றன.

பொருள். தலையும் குடலும் நீக்கிய நெத்திலி, 250 கிராம், காற்று நீக்கிய தடித்த பொட்டலம். அதற்கு மேல் ஒரு தாள் உறை. வாசனை கசியாது என்பதே இங்கே பொருள். மீன் அதற்குள் இருக்கும் சரக்கு. உறையில் போட்ட தேதி, பயன்படுத்த வேண்டிய காலம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், “பரணில் காய்ந்தது” என்ற வரி. படத்துக்குப் பாம்பன் பாலம் வேண்டாம், அந்தப் படம் இல்லாத பொருளே இந்தப் பக்கம் இல்லை. வெயிலில் காயும் பரணின் படமே போதும். சீலா, வாளை என்று வகை கூட்டும் ஆசை வரும். முதல் வருடம் நெத்திலி மட்டும்.

பொருளோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மட்டும் போவதால் பச்சை மீன் விலை ஏறும். கிலோ ரூ.110 என்று வைத்தாலே கருவாட்டின் அடக்கம் ரூ.490 ஆகிவிடும், வியாபாரி தரும் ரூ.380க்கு அது கட்டாது. வடகிழக்குப் பருவமழையிலோ வெயிலே கிடையாது, காயாத கருவாடு பூசணம் பிடிக்கும். ஆனால் வளைகுடாக்காரர்கள் அதிகம் வருவது அங்குள்ள பள்ளிகளின் கோடை விடுமுறையை ஒட்டி. ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் போட்டதைப் பொட்டலமாக்கி இருப்பு வைத்தால்தான் ஜூலை, ஆகஸ்டில் விற்க முடியும். காற்று நீக்கும் இயந்திரம் வாங்கச் சொல்ல இது இரண்டாவது காரணம்.

விலை. பொட்டலம் ரூ.160, அதாவது கிலோ ரூ.640. அடக்கம் ரூ.330. உறை, ஒட்டுத்தாள், மின்சாரம் பொட்டலத்துக்கு ரூ.12, கிலோவுக்கு ரூ.48. நேரடியாக விற்றால் கிலோவுக்கு நிற்பது ரூ.262. கடை வழியே விற்றால் 20 சதவீதக் கழிவு ரூ.128 போக ரூ.134. வியாபாரியிடம் நிற்பது ரூ.50. பொட்டலத்தின் விலையை ரூ.120ஆகக் குறைக்கலாமே என்று தோன்றும். பெட்டிக்குள் வைக்கும் பொருளை மலிவாக வாங்க யாரும் அலைவதில்லை. குறைத்தால் மணல் கருவாட்டோடு ஒப்பிடும் வழியைத்தான் நாமே திறந்துவிடுவோம்.

இடம். கீழக்கரையில் இரண்டு மளிகைக் கடை, ராமநாதபுரம் பேருந்து நிலையம் அருகே ஒரு பேக்கரி. சென்னைக்கும் திருப்பூருக்கும் கூரியர், அனுப்பும் செலவு வாங்குபவருடையது. தனுஷ்கோடிக் கார்களுக்கு, மண்டபத்தில் ஏற்கெனவே நல்ல கூட்டம் உள்ள ஒரு இளநீர்க் கடையில் ஒரு தட்டு. வாடகை இல்லை, கழிவு மட்டும்.

மேம்பாடு. பேனர், உள்ளூர் கேபிள் விளம்பரம் இரண்டும் வீண். ஊர்ச்சங்க வாட்ஸ்அப் குழுக்களில் பரணின் ஒரு நிமிடக் காணொளி, கீழக்கரை வீடுகளுக்கு 50 கிராம் மாதிரி, “மணல் கடித்தால் பொட்டலத்தின் பணம் வாபஸ்” என்ற உறுதி. உறுதியின் செலவு சொற்பம், காரணம் பரணில் மணல் ஏறாது. மணலில் காய வைக்கும் போட்டியாளரால் இதே உறுதியைத் தர முடியாது என்பது கூடுதல் லாபம்.

இ) தற்போதைய நிலை: 600 × ரூ.50 = மாதம் ரூ.30,000.

பரிந்துரைக்கும் வழி: 100 கிலோ நேரடியாக, 50 கிலோ கடை வழியாக, மீதி 450 கிலோ வியாபாரிக்கு. ரூ.26,200 + ரூ.6,700 + ரூ.22,500 = ரூ.55,400. இயந்திரத் தவணை, இருப்பு வைப்பது ஆகியவற்றுக்கு ரூ.5,000, மாதிரிப் பொட்டலம் உள்ளிட்ட மேம்பாட்டுக்கு ரூ.3,000 கழித்தால் ரூ.47,400. திட்டத்தில் பாதியே விற்றாலும் ரூ.42,700 − ரூ.8,000 = ரூ.34,700. வியாபாரியிடம் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிலோவுக்கு நேரடியில் ரூ.212, கடையில் ரூ.84. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சராசரி சுமார் ரூ.169. ஆகவே ரூ.8,000 கூடுதல் செலவை மீட்க மாதம் 48 கிலோ விற்றால் போதும்.

ரோட்டுக் கடை: வாடகையும் சம்பளமும் ரூ.24,000. கிலோவுக்கு ரூ.212 கூடுதல் என்றால் அதை மட்டும் மீட்கவே 114 கிலோ, அதாவது 456 பொட்டலம், நாளுக்கு 15. இயந்திரத் தவணையும் இருப்பு வைக்கும் செலவும் இதில் சேரவில்லை. நாளுக்கு 15 என்பது கேட்க எட்டாத எண் அல்ல, மகனை முட்டாள் என்று எழுதிவிடக் கூடாது. ஆனால் வாங்கக்கூடிய கார்கள் சனி, ஞாயிறு வருகின்றன; வாடகை ஏழு நாளும் ஓடுகிறது, தடைக்காலத்திலும் மழைக்காலத்திலும் ஓடுகிறது. மகனின் கணக்கு வண்டிகளை எண்ணியது, வாங்குபவர்களை எண்ணவில்லை. இளநீர்க் கடைத் தட்டில் ஆறு மாதம் விற்பதைக் குறித்து வைத்து, சனி ஞாயிறில் மட்டும் நாளுக்கு 50 பொட்டலம் தாண்டினால் கடைப் பேச்சை அவனே மறுபடி எடுக்கட்டும்.