ஸ்பான்சர்ஷிப் ஒப்பந்த வரைவு குறித்த விளக்கம்: பிரிவுகள் 4, 7, 9

வணக்கம்.

ஹெட்போன் பிராண்ட் ஒன்றுக்காக ஏஜென்சி தந்ததாக நீங்கள் அனுப்பிய பதினொரு பக்க ஒப்பந்த வரைவை இருமுறை முழுமையாகப் படித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று ஏஜென்சி வற்புறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கெடு ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. ஆகவே இக்கடிதத்தைப் பொறுமையாகப் படித்த பின் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று நீண்ட வீடியோக்களுக்கும் ஆறு குறும் வீடியோக்களுக்கும் அவர்கள் தர முன்வந்துள்ள தொகை நல்ல தொகைதான். ஆனால் அதை ஒன்பது வீடியோக்களுக்கான ஊதியம் என்று மட்டும் நீங்கள் எண்ணியிருப்பதாகத் தெரிகிறது. 4, 7, 9 ஆகிய பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், உங்களுடைய பத்து மாத வருமான வாய்ப்பையும், உங்கள் முகத்தையும் குரலையும் காலவரையறை இன்றிப் பயன்படுத்தும் உரிமையையும் அதே தொகைக்குள் அடக்கியிருக்கிறார்கள் என்பது புலப்படும்.

பிரிவு 4 பிரத்தியேகம் பற்றியது. கையெழுத்திட்ட நாளில் தொடங்கி, கடைசி வீடியோ வெளியாகி 180 நாட்கள் முடியும் வரை, 'ஒலி, காட்சிச் சாதனங்களும் அவற்றோடு தொடர்புடைய பொருட்களும்' சார்ந்த வேறு எந்த நிறுவனத்தையும் நீங்கள் 'விளம்பரப்படுத்தவோ, காட்டவோ, குறிப்பிடவோ' கூடாது என்று அது சொல்கிறது. முதல் வீடியோ வெளிவர 30 நாட்கள், பிரசாரம் 90 நாட்கள், அதன்பின் 180 நாட்கள் என மொத்தம் 300 நாட்கள் ஆகின்றன. கால அளவைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பொருள்வகையை விவரித்திருக்கும் விதம்தான். ஹெட்போன் விற்கும் பிராண்டுக்கு மற்ற ஹெட்போன் பிராண்டுகள்தான் போட்டி. ஆனால் இந்தச் சொற்களின்படி ஸ்பீக்கர் உள்ள எல்லாமே, அதாவது கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, கேமரா வரை, தடைக்குள் வந்துவிடும். உங்கள் சேனலே சாதனங்களை ஒப்பிட்டு விமர்சிக்கும் சேனல். 'குறிப்பிடவோ' என்ற ஒற்றைச் சொல், யாரிடமும் பணம் பெறாமல் நீங்கள் செய்யும் நேர்மையான விமர்சனத்தையும் ஒப்பந்த மீறலாக்கிவிடும். பார்வையாளர்கள் உங்களை நம்புவதே அந்த விமர்சனங்களுக்காக என்பதால், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இதற்கு மாற்றாக நான் எழுதியிருக்கும் வாசகம் இது: 'படைப்பாளர், முதல் வீடியோ வெளியான நாள் முதல் கடைசி வீடியோ வெளியான 30ஆவது நாள் வரை, பின்னிணைப்பில் பெயர் குறிப்பிடப்பட்ட ஐந்து நிறுவனங்களின் ஹெட்போன், இயர்போன் ஆகியவற்றுக்குக் கட்டணம் பெற்று விளம்பரம் செய்யமாட்டார். கட்டணம் பெறாத விமர்சனங்களும் ஒப்பீடுகளும், கையெழுத்துக்கு முன் வெளியான வீடியோக்களும் அவற்றிலுள்ள விற்பனை இணைப்புகளும் இத்தடைக்கு உட்படா.' இதைவிட நீண்ட காலம் வேண்டும் என்று அவர்கள் கேட்டால், மறுக்காதீர்கள். கூடுதலாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித் தொகை கேளுங்கள். பிற வாய்ப்புகளை நீங்கள் இழப்பதற்கு ஈடாகவே பிரத்தியேகத்துக்கு விலை வைக்கப்படுகிறது.

அடுத்து, பிரிவு 7. வீடியோக்களின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும் என்று முதல் வரி சொல்வதைப் படித்து நிம்மதி அடைந்ததாக எழுதியிருந்தீர்கள். அடுத்த வரி, 'உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக, திரும்பப் பெற முடியாததாக, பிறருக்கு வழங்கத்தக்கதாக' ஓர் உரிமத்தை பிராண்டுக்கு அளிக்கிறது. உரிமையாளர் என்ற பெயர் உங்களிடம் இருந்தாலும், நடைமுறையில் அனைத்தையும் அவர்களே பயன்படுத்தலாம். வெட்டி ஒட்டலாம், வேறு நிறுவனத்துக்கும் கொடுக்கலாம்.

பயன்பாட்டு உரிமை என்பதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் பதிவை பிராண்ட் தன் பக்கத்தில் மறுபகிர்வு செய்வது முதல் வகை; இதைக் கட்டணமின்றித் தருவதில் பெரிய இழப்பு இல்லை. வீடியோவை எடுத்துத் தன் கணக்கிலிருந்து பணம் கட்டி விளம்பரமாக ஓட்டுவது இரண்டாம் வகை. உங்கள் கணக்கின் பெயரிலேயே விளம்பரம் ஓட்டுவது மூன்றாம் வகை. துறையில் வைட்லிஸ்டிங் என்பார்கள், இன்ஸ்டாகிராமில் பார்ட்னர்ஷிப் ஆட்ஸ் என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். கடைசி இரண்டுக்கும் கால வரம்பும் தனிக் கட்டணமும் இருப்பதே முறை. இந்த வரைவில் இரண்டுமே இல்லை.

நிரந்தர உரிமம் பிரத்தியேகத்தையும் நிரந்தரமாக்கிவிடும் என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். முன்பு நான் ஆலோசனை சொன்ன ஒரு படைப்பாளரின் தடைக்காலம் முடிந்து பல மாதங்களான பின்னும், அவர் முகத்துடன் பழைய விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த இன்னொரு பிராண்ட், ஏறக்குறைய முடிவான பேச்சிலிருந்து விலகிக்கொண்டது. அவருடைய ஒப்பந்தத்திலும் இதே 'நிரந்தரமாக' என்ற சொல்தான் இருந்தது. ஆகவே, மறுபகிர்வுக்கு ஓராண்டு, கட்டண விளம்பரத்துக்கு 90 நாட்கள், வைட்லிஸ்டிங்குக்கு 30 நாட்கள் என்றும், வெட்டித் திருத்திய வடிவத்தை வெளியிடும் முன் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை என்றும் கேட்கலாம். வெளியிடாத மூலக் காட்சிகளை ஒப்படைக்க வேண்டும் என்ற வரியை முழுமையாக நீக்கச் சொல்லுங்கள்.

இங்கே பின்னணி இசையையும் கவனிக்க வேண்டும். செயலிகளின் இசைத் தொகுப்பிலுள்ள பல பாடல்கள் சாதாரணப் பதிவுகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை; அதே வீடியோ விளம்பரமாக மாறும்போது அந்த அனுமதி செல்லாமல் போகலாம். பிரிவு 12இன்படி மூன்றாம் நபர் உரிமை கோரினால் முழு இழப்பையும் நீங்களே ஏற்க வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் பெற்ற இசையை மட்டும் பயன்படுத்துங்கள்; பிராண்ட் சேர்த்த இசை, வாசகம், பொருள் பற்றிய கூற்று ஆகியவற்றுக்கு பிராண்டே பொறுப்பு என்ற வரியையும் பிரிவு 12இல் சேர்த்திருக்கிறேன்.

பணம் வரும் காலத்தைப் பிரிவு 9 சொல்கிறது. ஒன்பது வீடியோக்களும் 'ஏற்கப்பட்ட' பிறகே இன்வாய்ஸ் அனுப்பலாம், அது கிடைத்த 60 நாட்களுக்குள் ஏஜென்சி பணம் தரும், அதுவும் பிராண்டிடமிருந்து ஏஜென்சிக்குப் பணம் வந்திருந்தால் மட்டுமே என்கிறது. 30, 90, 60 என்று கூட்டினால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் உங்கள் கைக்குப் பணம் வர 180 நாட்கள் ஆகும். ஒப்புதல் தர அவர்களுக்கு எந்தக் கெடுவும் இல்லாததால், அது மேலும் நீளலாம். எடிட்டருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் நீங்கள் மாதந்தோறும் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

கையெழுத்தின்போது பாதித் தொகையும், கடைசி வீடியோ வெளியான 30 நாட்களுக்குள் மீதியும் வேண்டும் என்று கேளுங்கள். வீடியோவை அனுப்பி ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்பதும், திருத்தங்கள் இரண்டு சுற்றுக்கு மேல் போனால் தனிக் கட்டணம் என்பதும் சேர வேண்டும். பிராண்ட் இடையில் பிரசாரத்தை நிறுத்தினால், முடித்த வேலைக்கு முழுத் தொகையும் தொடங்கிய வேலைக்குப் பாதியும் தரப்பட வேண்டும். பிராண்ட் தந்தால்தான் நான் தருவேன் என்ற நிபந்தனையை ஏற்கவே வேண்டாம். உங்களோடு கையெழுத்திடுவது ஏஜென்சி, எனவே பணம் தரும் கடமையும் அவர்களுடையது. இவற்றோடு, பிரிவு 7இன் உரிமம் முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற ஒரு வரியையும் எழுதியிருக்கிறேன். தாமத வட்டியைவிட அந்த ஒரு வரிக்கு வலிமை அதிகம். பணம் தராமல் விளம்பரம் ஓட்டினால் அது உரிமையற்ற பயன்பாடாகிவிடும் என்பதை அவர்களின் சட்டப் பிரிவு நன்றாக அறியும்.

அனைத்தையும் அவர்கள் ஏற்கமாட்டார்கள். தடைக்காலம் 30 நாட்களிலிருந்து 60 ஆவதையும், முன்பணம் பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காவதையும் நீங்கள் ஏற்கலாம். பொருள்வகையின் விவரிப்பு, 'நிரந்தரமாக' என்ற சொல், பிராண்ட் தந்தால்தான் பணம் என்ற நிபந்தனை ஆகிய மூன்றும் மாறாவிட்டால், கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து.

திருத்தங்களைக் குறித்த வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். தற்போது வேறு எந்த பிராண்டுகளுடன் உங்களுக்குப் பேச்சோ விற்பனை இணைப்புகள் வழி வருமானமோ இருக்கிறது என்ற பட்டியலைப் புதன்கிழமைக்குள் அனுப்பினால், அவற்றைத் தடைக்கு உட்படாத பிராண்டுகளின் பட்டியலில் சேர்த்து, வியாழக்கிழமை காலை ஏஜென்சிக்கு அனுப்பும் வடிவத்தைத் தந்துவிடுகிறேன். அதுவரை மின்னஞ்சலிலோ செய்தியிலோ 'சரி' என்று ஒற்றைச் சொல்லில்கூட அவர்களுக்குப் பதில் எழுத வேண்டாம். அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

இப்படிக்கு,
உங்கள் ஒப்பந்த ஆலோசகர்