நான்கு ஷூ, ஒரே கோணம்: கேட்லாக் படங்களுக்கான ப்ராம்ப்டுகள்

கேட்லாக்கில் போகும் நான்கு ஷூக்களுக்கும், படம் உருவாக்கும் AI-யிடம் கொடுக்க எழுதி முடித்த ப்ராம்ப்டுகள் இவை. பொதுப் பத்தியை ஒவ்வொன்றின் தலையிலும் அப்படியே ஒட்டி, அதன் கீழே ஷூவின் பத்தியைச் சேர்க்கவும். பொதுப் பத்தியில் ஒரு சொல்லை மாற்றினாலும் கோணம் நழுவுகிறது, கை வைக்க வேண்டாம். `seed` நான்குக்கும் 41720.

தரையில் நிற்கும் ஷூவுக்கு அடி தெரியாது. இதை யோசிக்காமல் முதல் நாள் ஒற்றை ஷூவிடமே முக்கால் கோணத்தையும் சோலையும் சேர்த்துக் கேட்டேன். ஈரத்துணியைப் பிழிந்ததுபோல முறுக்கிக்கொண்டு அந்தரத்தில் மிதக்கும் ஷூ ஒன்று வந்தது. அதனால் இப்போது ஜோடி: ஒன்று நிற்கும், மற்றது படுத்துக்கொண்டு அடியைக் காட்டும்.

பொதுப் பத்தி

> ஸ்டுடியோவில் எடுத்த பொருள் புகைப்படம், 4:5 நிற்கும் சட்டகம். ஒரு ஜோடி ஷூ. முன்னால் வலது கால் ஷூ, அடி முழுவதும் தரையில் பதிய நிற்கிறது. முனை சட்டகத்தின் வலப்பக்கம் நோக்கி, கேமராவை நோக்கி 45 டிகிரி திரும்பியிருக்கிறது. வெளிப்பக்கமும் முன்பக்கமும் ஒருசேரத் தெரிகின்றன. அதற்குப் பின்னால், இடப்பக்கமாக, 10 செ.மீ உயரமுள்ள சாம்பல் நிறத் திண்டின் மேல் இடது கால் ஷூ தன் வெளிப்பக்கத்தின் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. அதன் சோல் நேராகக் கேமராவைப் பார்க்கிறது, முனை வலப்பக்கம், பாதத்தின் உள்வளைவு மேற்பக்கம். சோலில் முக்கால் பங்காவது மறைவில்லாமல் தெரிகிறது. கேமரா ஷூவைவிடச் சற்று உயரத்தில், 15 டிகிரி கீழ்நோக்கி, 100 மி.மீ லென்ஸ், எஃப் 11, முனை முதல் குதிகால் வரை எல்லாமே கூர்மையாக இருக்கிறது. பின்னணியும் தரையும் ஒரே வெளிர் சாம்பல். இடப்பக்கம் பெரிய மென்விளக்கு. சோலின் மேல் மட்டும், மேலிருந்து உரசிப்போகும் தாழ்ந்த கோண வெளிச்சம், பள்ளங்களில் நிழல் விழும்படி.

அந்தக் கடைசி வாக்கியம்தான் சோலுக்கு உயிர். நேர் வெளிச்சத்தில் 5 மி.மீ பள்ளம்கூட அச்சடித்த கோடு மாதிரிதான் தெரியும்.

1. மலைப்பாதை ஓட்ட ஷூ

> மேல்பாகம் பாசிப்பச்சை நிற வலைத்துணி, முனையில் மெல்லிய ரப்பர் கவசம். நடுச்சோல் வெள்ளை நுரை, பக்கவாட்டில் சிறு சுருக்கக் கோடுகள். அடிச்சோல் கரிச்சாம்பல் நிற ரப்பர். அதில் ஆங்கில V வடிவக் கட்டைகள், ஒவ்வொன்றும் 5 மி.மீ உயரம், ஒன்றுக்கொன்று விரலகல இடைவெளி. முன்பாதத்துக் கட்டைகளின் கூர்முனை ஷூவின் முனையைப் பார்க்கிறது. குதிகாலில் அதே கட்டைகள் திரும்பிப் பின்னோக்கிப் பார்க்கின்றன. நடுப்பாதத்தில் கட்டை இல்லை, வழவழப்பான ஒரு சிறு பட்டை மட்டும். கட்டைகளின் ஓரம் கூர்மையானது, ரப்பர் புதியது, மண் படாதது.
>
> லேஸ் தட்டையானது, 6 மி.மீ அகலம், ஆரஞ்சு நிறம், குறுக்குநெசவு இழை தெரிகிறது. ஒவ்வொரு பக்கமும் 6 ஓட்டை. லேஸ் ஒவ்வொரு ஓட்டையிலும் அடியிலிருந்து மேலே வந்து எதிர்ப்பக்கம் போகிறது. நாக்கின் மேல் 5 பெருக்கல் குறிகள், ஐந்திலும் இடமிருந்து வரும் லேஸே மேலே. உச்சியில் இரண்டு காது முடிச்சு, காதுகள் சம நீளம், நுனிகள் இரண்டிலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. முடிச்சின் நுனிகள் வெளிப்பக்கமாகத் தொங்குகின்றன.

சோலைக் கன்னங்கரேல் என்று எழுதியிருந்தால் கட்டைகள் ஒரே இருட்டாகிவிடும். அதனால் கரிச்சாம்பல்.

ஓட்டை 6 என்று மட்டும் எழுதியபோது ஒருபக்கம் 6, மறுபக்கம் 8 வந்தது. பெருக்கல் குறியையும் எண்ணிச் சொன்ன பிறகுதான் சரியானது. 6 ஜோடிக்கு 5 குறி. யார் திருத்தினாலும் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளவும்.

2. கேன்வாஸ் ஷூ

> மேல்பாகம் கடுகு மஞ்சள் கேன்வாஸ், நெசவின் ஊடும் பாவும் தெரிகிறது. சுற்றிலும் வெள்ளை ரப்பர் பட்டை, அதில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு. அடிச்சோல் தேன் நிற ரப்பர், மீன்முள் வடிவில் 2 மி.மீ ஆழத்துக்கு வரிகள், முனை முதல் குதிகால் வரை இடைவிடாமல்.
>
> லேஸ் வெள்ளைப் பருத்தி, தட்டை, 8 மி.மீ. வெள்ளி நிற உலோக வளையம் போட்ட ஓட்டைகள், பக்கத்துக்கு 7. நாக்கின் மேல் 6 பெருக்கல் குறி. லேஸ் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் படிந்திருக்கிறது.

3. ஆக்ஸ்ஃபோர்டு

தோல் சோலில் பள்ளமே கிடையாது. பள்ளம் இல்லாததையும் வடிவமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விட்டால் ஓட்ட ஷூவின் கட்டைகளைக் கொண்டுவந்து ஒட்டிவிடும்.

> மேல்பாகம் அடர் பழுப்புத் தோல், மங்கலான பளபளப்பு, மடியும் இடத்தில் சுருக்கமில்லை. அடிச்சோல் வழவழப்பான வெளிர்பழுப்புத் தோல். ஓரத்திலிருந்து 5 மி.மீ உள்ளே, சோலைச் சுற்றி ஒரே வரிசைத் தையல், தையல் குழி தெரிகிறது. குதிகால் மூன்று தோல் அடுக்குகள், அடியில் கறுப்பு ரப்பர்த் துண்டு, அதைப் பிடித்திருக்கும் சிறிய பித்தளை ஆணிகள்.
>
> லேஸ் உருண்டை, 2 மி.மீ, மெழுகு பூசிய கரும்பழுப்பு. லேஸ் பட்டைகள் இரண்டும் நெருங்கி மூடியிருக்கின்றன, நாக்கு கோடாக மட்டும் தெரிகிறது. பக்கத்துக்கு 6 ஓட்டை, வளையம் இல்லாதவை. கீழிருந்து ஐந்து வரிசைகளில் லேஸ் நேர்க் கிடைக்கோடாகக் குறுக்கே ஓடுகிறது. ஆறாவதில் சிறிய முடிச்சு.

4. மலையேற்ற பூட்

> கணுக்கால் மூடும் உயரம், காபித்தூள் நிற மெழுகுத் தோல். சோல் கறுப்பும் சாம்பலும் கலந்த ரப்பர். ஓரத்தில் அகலமான கட்டைகள், நடுவில் கூட்டல் குறி வடிவக் கட்டைகள், குதிகாலுக்கு முன்னால் செங்குத்துப் படி.
>
> லேஸ் உருண்டை, 4 மி.மீ, பழுப்பில் மஞ்சள் புள்ளி இழை. கீழே பக்கத்துக்கு 4 ஓட்டை, மேலே 3 உலோகக் கொக்கி; கொக்கிகளில் லேஸ் பின்னாலிருந்து சுற்றி மாட்டியிருக்கிறது. மொத்தம் 6 பெருக்கல் குறி.

திருத்தத்துக்கு

படம் நன்றாக வந்து ஓர் இடம் மட்டும் பிசகினால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மறைத்து, இதில் எது பொருந்துகிறதோ அதை இடவும்.

லேஸ் தோலோடு ஒட்டிக் கலந்திருந்தால்:

> லேஸ் மேல்பாகத்திலிருந்து தனியாக எழும்பி நிற்கிறது, அதன் கீழே மெல்லிய நிழல். ஒவ்வொரு குறுக்கிலும் எது மேல், எது கீழ் என்பது தெளிவு.

படுத்திருக்கும் ஷூவும் வலது காலாகவே வந்திருந்தால் (சோலின் உள்வளைவு கீழே இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது):

> இடது கால் சோல், முனை வலப்பக்கம், உள்வளைவு மேற்பக்கம், பெருவிரல் இருக்கும் பகுதி மேலே அகலமாக.

நிற்கும் ஷூ தரையைத் தொடாமல் மிதந்தால்:

> குதிகாலும் முன்பாதமும் தரையில் பதிந்திருக்கின்றன. சோலும் தரையும் சேரும் கோட்டில் ஒடுங்கிய கரிய நிழல், வெளியே போகப்போக மங்குகிறது.