வெல்லம்

பாண்டிச்செல்வியின் கட்டுரை நோட்டை டீச்சர் இரண்டு முறை படித்தார். தலைப்பு மழைக்காலம்.

"மழை வந்தால் எங்கள் அம்மாவுக்குப் பிடிக்காது. மருந்து முக்கிய குச்சி காயாது. தீப்பெட்டி ஆபீசில் இருந்து சீக்கிரம் வந்துவிடுவாள். அன்றைக்குக் கூலியும் பாதிதான். வாசலில் வெல்லம் ஓடும். நாங்கள் கப்பல் விடுவோம். அம்மா மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்."

ஜூன் மாதம் "நீரின்றி அமையாது உலகு" என்று தொடங்கி, அதற்கு மேல் நாலு வரி தாண்டாத பெண். சிவகாசியில் எந்தப் பிள்ளை மழையைப் பற்றி எழுதினாலும் அது இயற்கையின் கொடையாகத்தான் இருக்கும்.

"யார் எழுதிக் கொடுத்தது?"

"நான்தான் டீச்சர்."

"டியூசன் போறியாமே?"

"பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட. பிரஸ்ல புரூப் பார்த்தவரு."

"அதானே பார்த்தேன்."

வகுப்பு சிரித்தது. செல்வி நோட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். டீச்சர் கொடுக்கவில்லை.

தாத்தா எழுதிக் கொடுத்ததே இல்லை. தினசரி காலண்டர் வெட்டி மிஞ்சிய தாளில் அவளை எழுதச் சொல்வார், சத்தமாக வாசிக்கச் சொல்வார். "இதை நீ பார்த்தியா?" என்பார். இல்லை என்றால் அடி. தாளில்தான், அவள் மேல் இல்லை. பிழையை மட்டும் தொடமாட்டார். நாற்பது வருடம் அடுத்தவன் பிழையைத் திருத்தியாச்சு, உன் பிழையை நீயே பார் என்பார்.

மறுநாள் மதிய இடைவேளையில் செல்வியை ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார்கள். ஒரு வெள்ளைத்தாள். தலைப்பு: எங்கள் தெரு.

"என் முன்னாடியே எழுது."

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. சாப்பிடாத வயிறு வேறு. அப்புறம் "எங்கள் தெரு மிகவும் அழகானது" என்று எழுதினாள். உதடு மட்டும் அசைய வாசித்துப் பார்த்தாள். ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் வால் வைத்த சுழி ஒன்று போட்டாள். புரூப்பில் 'எடுத்துவிடு' என்பதற்குப் போடும் குறி. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேனா ஓடியது. "எங்கள் தெருவில் ஒரு பல்லம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதில் சைக்கிளை விடுவார்கள். நாங்கள் யாரும் சொல்லமாட்டோம். பார்த்துச் சிரிப்போம்."

டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துப் 'பல்லம்' மேல் வட்டம் போட்டார். ஏதோ தோன்றியது போல மேசையில் கிடந்த கட்டுரை நோட்டைப் புரட்டினார். ஜூன் கட்டுரையில் 'பல்லிக்கூடம்'. அதற்கு வட்டம் இருந்தது. மழைக்காலத்தில் 'வெல்லம் ஓடும்'. இரண்டு முறை படித்தும் அவர் கண்ணில் படாமல் போயிருந்தது.

அதற்கும் ஒரு வட்டம் போட்டார். அரை மார்க் குறைத்து, பத்துக்கு ஒன்பதரை என்று எழுதினார்.

"வெல்லம் ஓடினா எறும்புதான்டி வரும்," என்றார். "போ, போய்ச் சாப்பிடு."

செல்வி நோட்டை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"டீச்சர், நான்தான் எழுதினேன்னு வகுப்புல சொல்லுவீங்களா?"