சுருக்கொப்பம்

சு. இராமலிங்கம் தம்முடைய தன்விவரக் குறிப்பின் முதல் வரியாக, "பொருள்: தன்விவரம் சமர்ப்பித்தல் – தொடர்பாக" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே "பார்வை" என்று இட்டு, கோவில்பட்டி வழக்கறிஞர் தொலைபேசியில் பேசிய தேதியையும் நேரத்தையும் குறித்திருந்தார். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த மகள் தேன்மொழி அந்த நான்கு பக்கங்களையும் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி வாசித்தாள்.

"அப்பா, வலது முழங்கையில் ஒரு மச்சம் என்று எதற்காக எழுதியிருக்கிறீர்கள்?"

"பணிப்பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே அங்க அடையாளம் உண்டு. நாளைக்கு ஆள் மாறாட்டம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?"

மச்சத்தோடு உயரமும் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஊதிய உயர்வு பெற்ற தேதி, எடுக்காமல் விட்ட ஈட்டிய விடுப்பு, துறைத் தேர்வுகளில் தேறிய மாதம், பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி முடித்த நாள் ஆகியவையும் இருந்தன. பணிக்காலம் என்ற இடத்தில் "பசலி 1395 முதல் 1428 முடிய" என்று கண்டிருந்தது. பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது என்பதும், 1985 செப்டம்பரில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த தம் தந்தை 2019 ஜூன் 30 அன்று, பசலியின் கடைசி நாளில், கணக்கை முடிப்பதுபோலவே ஓய்வு பெற்றார் என்பதும் தேன்மொழிக்கு அன்றுதான் தெரிந்தன. அடுத்த ஆண்டு மே மாதம் அரசு ஓய்வு வயதை 58-இலிருந்து 59 ஆக்கியதையும், 2021-இல் அது 60 ஆனதையும் அவர் எப்போதும் சொல்லிக் குறைபட்டதில்லை. அந்தக் குறையை அம்மா செல்லம்மாள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை இதுதான். கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் சூரியமின் நிலையம் அமைக்க ஒரு நிறுவனம் நிலம் வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு உரிமைமூலம் பார்த்துக் கொடுக்கும் வழக்கறிஞரிடம் இருந்த இளைஞர்களுக்கு வில்லங்கச் சான்று படிக்க வரும். ஆனால் ஊரின் ஒவ்வொரு நிலத்தின் பரப்பும் உடையவர் பெயரும் கண்ட பழைய 'அ' பதிவேட்டின் கையெழுத்தைப் படிக்க வராது. எட்டையபுரம் ஜமீனில் இருந்த ஊர்களில், 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த நிலவரித் திட்டத்தில் யாருக்குப் பட்டா கொடுக்கப்பட்டது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கோடிக்கணக்கில் போட்ட பணம் நீதிமன்றத்தில் போய் நிற்கும். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து ஆவணங்களைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா என்று வழக்கறிஞர் கேட்டிருந்தார். நிறுவனத்தின் கோப்புக்காக ஒரு ரெஸ்யூம் வேண்டும், தமிழிலேயே இருக்கட்டும், மொழிபெயர்ப்பைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

தேன்மொழி தனக்காக மூன்று முறை ரெஸ்யூம் எழுதியவள். நான்கு பக்கத்தை ஒரு பக்கமாக்குவது அவளுக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. மச்சமும் விடுப்புக் கணக்கும் முதல் ஐந்து நிமிடத்திலேயே போயின. பசலியை ஆங்கில ஆண்டாக்கியபோது மட்டும் இராமலிங்கம் சற்று முகம் சுளித்தார். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் அவளுடைய வேகம் குறைந்தது.

"பிழை கண்டறியப்பட்டு, குறிப்பு சமர்ப்பிக்கப்பட்டு, உரிய ஆணைகள் பெறப்பட்டன" என்று அங்கே எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டன, பதிவேடுகள் ஒழுங்குபடுத்தப்பட்டன, ஜமாபந்தி கணக்குகள் தணிக்கைக்கு முன்வைக்கப்பட்டன. 34 ஆண்டு வேலையில் ஓர் ஆள்கூட இல்லை.

"இந்தப் பிழையைக் கண்டறிந்தது யார், அப்பா?"

"அலுவலகம்."

"அலுவலகத்தில் யார்?"

"அ-3 பிரிவு."

"அ-3 பிரிவில் யார் இருந்தார்கள்?"

இராமலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "அப்போது நான்தான் இருந்தேன்," என்றார், சாட்சிக் கூண்டில் நிற்பவர் போல.

அவள் கேட்கக் கேட்க விஷயம் வந்தது. 2003-ஆம் ஆண்டு, திங்கட்கிழமை மனுநீதி நாளில் ஒரு மூதாட்டி தொடர்ந்து ஏழெட்டு மனுக்கள் கொடுத்திருந்தார். தம்முடைய நிலத்தில் ஒரு பகுதியை அளவைக்காரர்கள் பக்கத்துக் காட்டோடு சேர்த்துவிட்டதாக அவருடைய புகார். மனுக்கள் எல்லாம் "பட்டாவில் உள்ளவாறே விஸ்தீரணம் சரியாக உள்ளது" என்று முடிக்கப்பட்டிருந்தன. எட்டாவது மனு இராமலிங்கத்தின் மேசைக்கு வந்தபோது, அவர் பட்டாவைப் பார்க்காமல் பதிவறைக்குப் போய்ப் பழைய 'அ' பதிவேட்டை எடுத்தார். அதில் நிலம் 1 ஏக்கர் 62 சென்ட். நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1980-களில் நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் ஏக்கர் சென்ட்டெல்லாம் ஹெக்டேர் ஏர்களாக மாறின. அந்தக் கணக்குப்படி 0.65.5 வர வேண்டும். பட்டாவிலோ 0.56.5 என்று இருந்தது. யாரோ ஒருவர், ஏதோ ஒரு பிற்பகலில், 65-ஐ 56 என்று நகலெடுத்துவிட்டார். வித்தியாசம் ஒன்பது ஏர், ஏறக்குறைய 22 சென்ட். புலப்படத்தை எடுத்து எல்லைக் கோடுகளை அளந்து பார்த்ததில் படம் 65.5-க்குத்தான் சரியாக இருந்தது. இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்தார். மாவட்ட வருவாய் அலுவலரிடமிருந்து திருத்த ஆணை வரப் பதினான்கு மாதம் ஆயிற்று.

தேன்மொழி உற்சாகத்தோடு தட்டச்சு செய்து திரையைத் திருப்பிக் காட்டினாள்: "நூற்றுக்கணக்கான சிக்கலான நில உரிமைப் பிரச்சினைகளைத் தீர்த்து வைத்தவர்."

"அடித்துவிடு."

"ஏன் அப்பா? உண்மைதானே?"

"தீர்த்து வைப்பதற்கு எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? ஆணை போட்டவர் மாவட்ட வருவாய் அலுவலர். பரிந்துரைத்தவர் வட்டாட்சியர். நான் குறிப்பு வைத்தவன். நூற்றுக்கணக்கு என்றால் எத்தனை? 140-ஆ, 900-ஆ? தன்பதிவேட்டைப் பார்க்காமல் எண்ணிக்கை எழுதலாமா?"

அவள் அடித்தாள். ஆனால் அவருடைய "பெறப்பட்டன"வையும் திரும்ப வைக்க மறுத்துவிட்டாள். இப்படி ஒரு மணி நேரம் போயிற்று: அவள் ஒரு வரியைப் பெரிதாக்குவாள், அவர் அதிலிருந்து தம்மை வெளியேற்றிவிடுவார். செல்லம்மாள் இரண்டு முறை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒரு ஜமாபந்தியே முடிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒழுங்கு நடவடிக்கை என்ற தலைப்பில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "17(அ), 17(ஆ) குற்றச்சாட்டுகள்: ஏதுமில்லை" என்ற வரி இருந்தே ஆக வேண்டும் என்றார். அந்த விதிகளின் பெயர் சூரியமின் நிறுவனத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று தேன்மொழி கேட்டாள். வழக்கறிஞருக்குத் தெரியும் என்றார். வருவாய்த் துறையில் 34 ஆண்டு இருந்துவிட்டு, ஒரு விளக்கக் கடிதம்கூட எழுதாமல் வெளியே வந்தவர்களை அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்; ஒரு கையே மிஞ்சிற்று. வரி நின்றது.

சம்பளம் பற்றிய பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்று அவள் எழுதினாள். ஓய்வூதியம் வருகிறதே என்று அவர் இழுத்தார். செல்லம்மாள் உள்ளேயிருந்து 3,000 என்றாள். 2,500 என்றே முடிவாயிற்று.

"வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தேன்மொழி மடிக்கணினியை மூடப் போனாள்.

இராமலிங்கம் சற்று நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, நான்காம் பக்கத்தின் அடியில், நிறுத்தாமல் எழுதினார். எழுதி முடித்ததும் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆவணங்களைப் படித்து என் கருத்தை எழுத்தில் தருவேன். எந்த அலுவலகத்துக்கும் சென்று எந்தக் கோப்புக்காகவும் யாரிடமும் பேச மாட்டேன். முன்னாள் சக ஊழியர் எவரையும் இது குறித்துத் தொலைபேசியில் அழைக்க மாட்டேன். பதிவேட்டில் கண்டதற்கு மாறாகக் கருத்து எழுத மாட்டேன்."

தேன்மொழி அதை இரண்டு முறை படித்தாள். ஓய்வு பெற்றவர்கள் பலரை இப்படி 'ஆலோசகர்' என்று அமர்த்துவது படிக்கத் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் அல்ல என்பதும், வட்டாட்சியர் அலுவலக வாசலில் மரத்தடியில் நிற்கும் தரகர்களை அப்பா என்ன பெயர் சொல்லி அழைப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கண்ணில் முதலில் பட்டது வேறு.

"அப்பா, நான்கு பக்கத்தில் இப்போதுதான் 'ஏன்' என்று முடிகிற வினை வந்திருக்கிறது. அதிலும் மூன்று 'மாட்டேன்'."

"அதை எழுத யாருடைய ஆணையும் வேண்டாமே."

"அப்படியானால் யாருடைய ஆணையும் வேண்டாத வேறு சிலவற்றையும் எழுதுவோம். தீர்த்தது நீங்கள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பதிவறைக்குப் போனது யார்? புலப்படத்தை அளந்தது யார்?"

அவர் பதில் சொல்லவில்லை. தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இம்முறை மெதுவாகத்தான் எழுதினார். ஒவ்வொரு வினையிலும் நின்று, அது தம்முடையதுதானா என்று பார்த்துக்கொண்டு எழுதினார். தேன்மொழி அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தட்டச்சு செய்தாள்:

"1985 முதல் 2019 வரை வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகவும் உதவியாளராகவும் பணியாற்றினேன். 1986-இல் திருநெல்வேலியிலிருந்து புதிய மாவட்டம் பிரிந்தபோது நிலப் பதிவேடுகளைப் பிரித்து அட்டவணைப்படுத்தும் பணியில் இருந்தேன். ஜமீன் ஊர்களின் நிலவரித் திட்டப் பதிவேடு, பழைய 'அ' பதிவேடு, புலப்படம், யு.டி.ஆர். பதிவேடு ஆகியவற்றை ஒப்பிட்டுப் படிப்பேன். ஏக்கரிலிருந்து ஹெக்டேருக்கு மாற்றியபோது நேர்ந்த நகலெடுப்புப் பிழைகளைக் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதினேன். அவற்றின் மீது தகுதியுள்ள அலுவலர்கள் திருத்த ஆணை பிறப்பித்தார்கள். ஒழுங்கு நடவடிக்கை ஏதுமின்றி ஓய்வு பெற்றேன்."

"கண்டுபிடித்தேன் என்பது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியவில்லையா?" என்று கேட்டார்.

"பதிவேட்டில் கண்டதற்கு மாறாக இருக்கிறதா?"

"இல்லை."

பக்கத்துத் தெரு நகலகத்தில் அச்சிட்டு வாங்கி வந்தார்கள். ஒரே பக்கம். மேற்கண்ட விவரங்கள் உண்மை என்ற உறுதிமொழிக்குக் கீழே இராமலிங்கம் பேனாவைத் திறந்து, தாளின் இடப்பக்க ஓரத்துக்குக் கையைக் கொண்டுபோனார்.

"வலப்பக்கம் அப்பா."

"வலப்பக்கம் அதிகாரி கையெழுத்துப் போடுகிற இடம். குறிப்பு வைப்பவன் இடப்பக்கம்தான் போடுவான்."

"இதை வேறு யாருக்கும் மேலே அனுப்பப்போவதில்லை."

அவர் தாளைக் கொஞ்சம் இடப்புறம் நகர்த்தி வைத்துக்கொண்டு, வலப்பக்கத்தில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட்டார். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அலுவலக நகல் ஒன்று வேண்டும்" என்றார். தேன்மொழி இரண்டு பிரதி எடுத்துத்தான் வந்திருந்தாள். இரண்டாவதை வாங்கி, அதன் இடப்பக்க ஓரத்தில் "சு.இ." என்று சுருக்கொப்பம் இட்டு, குத்தூசியால் துளை போட்டு, பழைய கயிறு ஒன்றால் கட்டி, பீரோவில் ஓய்வூதியப் புத்தகத்துக்கு அடியில் வைத்தார்.