மடி, வெட்டு, விரி: நான்காம் வகுப்புக்கான சமச்சீர் பாடம்

நேரம்: 45 நிமிடம். 24 பிள்ளைகள், இருவர் இருவராக.
ஒவ்வோர் இணைக்கும்: 15 செ.மீ. சதுரத் தாள் 4, செவ்வகத் தாள் 1, முனை மழுங்கிய கத்தரிக்கோல் 1, சிறு கண்ணாடி 1. மெல்லிய தாளே நல்லது; கனத்த அட்டையை இரண்டாம் முறை மடித்தால் உள் அடுக்கு நழுவி, வெட்டு கோணலாகும்.

மடிப்பு (10 நிமிடம்)
சதுரத்தை எத்தனை விதமாக மடித்தால் இரு பாதியும் சரியாகப் பொருந்தும்? 4 கோடுகள் கிடைக்கும். பிறகு செவ்வகத்தைக் கொடுங்கள். மூலைவிட்டமும் சமச்சீர்க்கோடுதான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். உடனே மறுக்காதீர்கள், மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரு பாதியும் ஒரே அளவுதான். ஆனாலும் மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சம பாதி வேறு, பொருந்தும் பாதி வேறு என்பது இங்கேதான் கைக்குப் பிடிபடும். இதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் போனாலும் போகட்டும்.

வெட்டு (20 நிமிடம்)
1. தாளை ஒருமுறை மடித்து, மடிப்பு ஓரத்தில் அரை இதயம் வரைந்து வெட்டவும். திறந்த ஓரத்தில் வரைந்தவர்களுக்கு இரண்டு துண்டுகள் வரும். அவற்றை ஒட்டித் தராமல், மடிப்பு எங்கே என்று விரலால் தடவிக் காட்டச் சொல்லவும்.
2. இன்னொரு தாளை நான்காக மடித்து, ஒரு மடிப்பு ஓரத்தின் நடுவில் அரைவட்டம் வெட்டவும். விரிக்கும் முன் எத்தனை ஓட்டை என்று ஊகித்து எழுத வேண்டும். விடை 2. எழுதாமல் விரித்தால் அது வெறும் கைவேலையாகிவிடும்.

மீதித் தாள்களில் அவரவர் விருப்பம்.

பயிற்சித் தாள்: கண்ணாடிக் கோடு

1. வலப்பக்கத்தை நிரப்பு.

□□■■┃□□□□
□■□□┃□□□□
□■■■┃□□□□
□□□■┃□□□□

2. கோட்டுக்குக் கீழே நிரப்பு.

□■□□
□■■□
■■□□
━━━━
□□□□
□□□□
□□□□

3. இது தவறான விடை. வலப்பக்கத்தைத் திருத்து.

■■□┃■■□
■□□┃■□□

4. சமச்சீர்க்கோடுகள் எத்தனை? சமபக்க முக்கோணம், செவ்வகம், வட்டம்.

விடைகள்
1. வலப்பக்கம், மேலிருந்து: ■■□□, □□■□, ■■■□, ■□□□
2. கோட்டை ஒட்டி ■■□□, அடுத்து □■■□, கடைசியில் □■□□
3. □■■, □□■
4. 3, 2, எண்ணி முடியாது.

மூன்றாம் கணக்கில் உள்ளதே மிகப் பரவலான பிழை: உருவத்தைத் திருப்பாமல் அப்படியே நகர்த்தி வைப்பது. இடப்பக்கம் கோட்டிலிருந்து மூன்றாம் கட்டத்தில் இருப்பது, வலப்பக்கமும் கோட்டிலிருந்து மூன்றாவதாகவே வர வேண்டும். கோட்டை ஒட்டிய கட்டம்தான் ஒன்று. அங்கிருந்து எண்ணப் பழக்குங்கள். முடித்த பிறகே கண்ணாடியைக் கோட்டின்மேல் நிமிர்த்தி வைத்துச் சரிபார்க்கட்டும்.