யாரு போட்டது?
(வீதி நாடகம்)

நடிப்பவர்கள்: கட்டியக்காரர், காய்கறிக்கடை அக்கா, பழக்கடை அண்ணன், வாங்க வந்த அம்மா, இளைஞன், தூய்மைப் பணியாளர், சாக்கடை.

சந்தையில் கூட்டம் நெரியும் மாலை நேரம். மேடை கிடையாது. காய்கறி வரிசையும் பழ வரிசையும் சந்திக்கும் முனையில், மக்கள் வட்டமாக நிற்க, நடுவே ஆட்டம். நாடகத்துக்கு வேண்டிய குப்பையை நடிகர்கள் அன்று மதியமே அந்தச் சந்தையில் பொறுக்கி ஒரு கூடையில் வைத்துக்கொள்ள வேண்டும். புதுப் பை வாங்கி வந்து நடிக்க வேண்டாம். பார்க்கிறவருக்குத் தன் கடைப் பையை அடையாளம் தெரியணும்.

(கறுப்பு உடையில் ஒரு நடிகர் மண்டியிட்டு, விரல்களைக் கம்பி வலைபோல் கோர்த்து முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கிறார். அவர்தான் சாக்கடை. பறை அதிர்கிறது, சட்டென நிற்கிறது. கூட்டத்துக்குள்ளிருந்து அலறல்.)

அம்மா: ஐயோ! யாருய்யா நடுவழியில தோலைப் போட்டது? இடுப்பே போயிருக்கும்!

அண்ணன்: பாத்து நடக்கணும்மா.

அம்மா: கடையைப் பாக்குறதா, காலடியைப் பாக்குறதா? உன் கடை வாசல்லதானே கெடக்கு!

அண்ணன்: வாசல்ல கெடந்தா நான் போட்டதா? நான் பழம் விக்கிறவன். தோலைப் பத்தி, பழத்தைத் தின்னவங்ககிட்ட கேளுங்க.

இளைஞன்: (மென்றுகொண்டே) என்னை ஏண்ணே பாக்குறீங்க? ருசி பாருன்னு குடுத்தது நீங்க. தோலைப் போட ஒரு கூடை வெச்சீங்களா?

அக்கா: நல்லா கேட்ட தம்பி! கையில இருக்கிற டீ கப்பையும் கீழ போட்டுட்டுக் கேளு!

(இளைஞன் யோசிக்காமல் கப்பைச் சாக்கடை நடிகரின் விரல் இடுக்கில் செருகுகிறான். பறை ஒரே ஒரு அடி.)

கட்டியக்காரர்: யாரு போட்டது?

எல்லோரும்: நான் இல்ல!

கட்டியக்காரர்: யாரு போட்டது?

எல்லோரும்: (ஒருவரையொருவர் காட்டி) அவங்க! அவங்க!

அக்கா: இங்க பாருங்கம்மா, காயைக் கிள்ளிப் பாக்குறீங்க, இலையை உரிச்சுப் போடுறீங்க, போயிடுறீங்க. ராத்திரி குனிஞ்சு பெருக்குறது நான்.

அம்மா: பெருக்கி எங்க தள்ளுறே?

(அக்கா பதில் சொல்லவில்லை. கண் மட்டும் சாக்கடைப் பக்கம் போகிறது. பிறகு, கையில் இருந்த இலைகளை மெதுவாக அங்கே கொட்டுகிறார். சாக்கடை முனகுகிறது.)

கட்டியக்காரர்: (கூடையிலிருந்து ஒரு பையை உயர்த்தி) சரி, இதைப் பாப்போம். இது யாரு கையில இருந்து வந்தது?

அம்மா: அவ கையில இருந்து. கையளவு காய்க்கு ஒரு பை, அந்தப் பையைப் போட இன்னொரு பை!

அக்கா: எனக்கு மட்டும் சும்மாவா வருது? என் காசு! பை இல்லன்னு சொன்னா அடுத்த நிமிசம் பக்கத்துக் கடையில நிக்கிறீங்க. நாள் முழுக்க வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் "பை கொண்டு வந்தீங்களா"ன்னு கேட்டா எவரு என்கிட்ட வாங்குவாங்க? நான் ஒருத்தி மட்டும் நிறுத்தினா என் யாவாரம்தான் படுக்கும்.

அம்மா: வேலை முடிஞ்சு நேரா வர்றோம். துணிப்பை வீட்டு ஆணியில தொங்குது.

(இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க, பை கிழிகிறது. இரண்டு துண்டும் சாக்கடை மேல் விழுகின்றன. பறை வேகம் எடுக்கிறது. நடிகர்கள் மழைச் சத்தம் எழுப்புகிறார்கள்: முதலில் விரல் சொடுக்கு, பிறகு கைதட்டு, பிறகு தொடைத் தட்டு. பார்ப்பவர்களும் சேர்ந்துகொள்ள விடணும், அவசரப்படுத்த வேண்டாம்.)

சாக்கடை: மழைத்தண்ணி போகத்தான் என்னை வெட்டினாங்க. நீங்க பையைப் போட்டீங்க. அது என் வாய்ல கதவா உக்காந்துச்சு. அது மேல இலை, இலை மேல தோல். இப்ப தண்ணி எந்தப் பக்கம் போகும்? (அக்காவைப் பார்த்து) உன் கடைக்குள்ள. (அம்மாவைப் பார்த்து) பள்ளத்துல இருக்கிற உன் தெருவுக்குள்ள.

இளைஞன்: நான் போட்டது ஒரு கப்பு. அதுல என்ன வந்துடப்போகுது?

சாக்கடை: டெங்கு பரப்புற கொசு என்னைத் தேடி வராது தம்பி. அதுக்கு நான் ரொம்ப அழுக்கு. வெளியில கெடக்கிற கப்புல தேங்குன மழைத்தண்ணிதான் அதுக்குப் பிடிக்கும். முட்டை வெச்சா பத்து நாள் வாக்குல புதுக் கொசு பறக்கும். தண்ணி வத்துனாலும் முட்டை சாகாது, மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அது பகல்ல கடிக்கிற கொசு. பகல் முழுக்க இங்க உக்காந்திருக்கிறது யாரு?

(அண்ணனும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். மழைச் சத்தம் அடங்குகிறது. தூய்மைப் பணியாளர் வருகிறார், வலது கையில் துணிக்கட்டு. யாரையும் பார்க்காமல் சாக்கடை முன் உட்கார்ந்து இடது கையால் ஒவ்வொன்றாக எடுக்கிறார். இந்த இடத்தில் முழு ஒரு நிமிடம் பேச்சும் பறையும் வேண்டாம். கூட்டம் கலையுமோ என்று பயப்படாதீர்கள், நிற்கும்.)

அம்மா: கையில என்னம்மா?

பணியாளர்: கண்ணாடி. இலைக்குள்ள இருந்துச்சு. உள்ள கைவிட்டாத்தானே தெரியும்.

அண்ணன்: கையுறை குடுக்கலியா?

பணியாளர்: குடுத்தாங்க. கிழிஞ்சு போச்சு. (எழுந்து) இங்க சேர்ற எடையில பெரும்பங்கு இலையும் தோலும்தான். தனியா வெச்சா உரம். அட்டை காஞ்சு கெடந்தா எடைக்கு எடுத்துக்குவாங்க. ரெண்டையும் ஒரே பையில முடிஞ்சு வீசுறீங்க. அட்டை நனைஞ்சு நாறுது, இலையில பிளாஸ்டிக் கலக்குது. ரெண்டும் ஒண்ணுக்கும் ஆகாமப் போகுது.

அக்கா: (தயங்கி) என்கிட்ட சாக்கு இருக்கு. ரெண்டு தர்றேன்.

அண்ணன்: நல்லது, உன் கடை முன்னாடியே வெச்சுக்கோ.

அக்கா: என் கடை முன்னாடியா? ஈ மொய்ச்சா எவன் காய் வாங்குவான்? உங்க பக்கம் வைங்க!

அண்ணன்: பழத்துல மொய்க்காதா?

(மறுபடி சண்டை மூள்கிறது. இந்தச் சண்டை நியாயமானது. இதைச் சிரிப்பாக்கி நடிக்கக் கூடாது.)

பணியாளர்: மூடி போட்டு, மத்தியானம் ஒருதடவை ராத்திரி ஒருதடவை எடுத்தா ஈ வராது. வண்டி ஒருதடவைதான் வருது. ரெண்டாவது வண்டி நானும் கேட்டுப் பாத்துட்டேன். நான் தனியாக் கேட்டா யாரு காதுல விழும்?

அம்மா: எழுதித் தாங்க, நான் கையெழுத்துப் போடுறேன்.

அக்கா: காய்கறி வரிசை மொத்தமும் போடும். அதோட ஒண்ணு, பையை நான் மட்டும் நிறுத்த மாட்டேன். ஒரே நாள்ல எல்லாக் கடையும் நிறுத்தணும்.

அண்ணன்: பழ வரிசைக்கு நான் பேசுறேன்.

(சாக்குகள் முனையில், இரண்டு கடைக்கும் நடுவில் வைக்கப்படுகின்றன. கட்டியக்காரர் உண்மையான மனுத்தாளைப் பலகையில் வைத்து வட்டத்துக்குள் கொண்டுபோகிறார். நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மக்கள் கையெழுத்துப் போடலாம். இளைஞன் தன் கப்பைச் சாக்கடையின் விரல்களிலிருந்து உருவுகிறான்.)

இளைஞன்: காகிதந்தானே, இலையோட போட்டுடவா?

அண்ணன்: போடு.

அக்கா: வேணாம், அந்தப் பக்கம்!

பணியாளர்: இங்க குடு. (கப்பைப் பிரித்து, உள்பக்கத்து மெல்லிய படலத்தை நகத்தால் உரித்துக் காட்டுகிறார்) பாத்தியா, பிளாஸ்டிக் பூச்சு. உரத்துக்கு ஆகாது.

(இளைஞன் அதை மற்ற சாக்கில் போடுகிறான். சாக்கடை கோர்த்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வாயால் நீண்ட மூச்சு விடுகிறது. பறை மெல்லத் தொடங்குகிறது. நடிகர்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போகிறார்கள்.)

பணியாளர்: (முன்வரிசையில் நிற்பவரிடம்) உங்க கையில என்ன இருக்கு?